இன்வொய்ஸில் 22 தொன், ஆலைத் தராசில் 20 தொன்

கேள்வி: ஐயா, சுன்னாகத்தில் கோழித்தீன் கலந்து விற்கும் சிறிய ஆலை ஒன்றை நடத்துகிறேன். முதன்முறையாக அமெரிக்காவிலிருந்து ஒரு கொள்கலன் சோயாப் புண்ணாக்கு எடுத்தோம். வங்கி மூலம் பணம் கொடுக்கத் திறந்த எல்.சி.யில் வெறுமனே 22 தொன் என்று எழுதியிருந்தோம். வந்த இன்வொய்ஸில் 22 ST, ஒன்று 430 டொலர். கொழும்பு வரை கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து மொத்தம் 9,460 டொலர். பெக்கிங் லிஸ்டில் 20 பலகைத் தட்டுகளில் 50 இறாத்தல் என்று அச்சடித்த 880 பை, நிகர நிறை 44,000 இறாத்தல். கப்பல் நிறுவனம் தந்த சரக்குப் பத்திரமான பி.எல்.லில் 20,446 கிலோ. ஆலையில் நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 20,000 கிலோதான் இருக்கிறது. இருபது அந்தர் ஒரு தொன், ஆகவே 22,352 கிலோ வந்திருக்கவேணும் என்கிறார் மாமா. 22,000 கிலோ என்கிறார் எங்கள் வார்ஃப் கிளார்க். இந்திய வியாபாரி ஒருவர் மெட்ரிக் தொன் 455 டொலருக்குத் தர இருந்தார். 430 மலிவு என்றுதான் இதை எடுத்தோம். மிச்ச 2 தொன் எங்கே போனது? யாரிடம் நட்டஈடு கேட்பது?
— வாசகி, சுன்னாகம்

பதில்: உங்கள் சரக்கில் ஒரு பை கூடக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ST என்பது ஷோர்ட் தொன். 22 ஷோர்ட் தொன் என்றால் 19,958 கிலோ. அதுதான் ஏற்றப்பட்டது, அதுதான் உங்கள் ஆலைக்கும் வந்திருக்கிறது. நீங்கள் இழந்தது விலையில். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நிறைக் கணக்கைத் தீர்ப்போம்.

உங்கள் மாமா சொன்னது பிழையில்லை, ஆனால் அது பிரித்தானியர் இங்கே விட்டுப்போன தொன். இருபது அந்தர் ஒரு தொன் என்பது அமெரிக்காவிலும் அப்படியே, அந்தர்தான் வேறு. நம் ஆட்கள் சிமெந்துக்கும் நெல்லுக்கும் சொல்லிவந்த அந்தர் 112 இறாத்தல். அமெரிக்கரின் அந்தர் 100 இறாத்தல். ஆகவே நம்முடைய பழைய தொன் 2,240 இறாத்தல், அதாவது 1,016 கிலோவும் சொச்சமும். இதைத்தான் வணிகப் பத்திரங்களில் லோங் தொன் என்பார்கள். அமெரிக்கத் தொன் 2,000 இறாத்தல், 907 கிலோவும் சொச்சமும். இது ஷோர்ட் தொன். உங்கள் வார்ஃப் கிளார்க் மனதில் வைத்திருந்தது மூன்றாவது, 1,000 கிலோ கொண்ட மெட்ரிக் தொன். மூவரும் ஒரே 22ஐத்தான் பெருக்கினீர்கள், ஆனால் ஆளுக்கொரு தொன்னால்.

இவற்றில் லோங் தொன், ஷோர்ட் தொன் இரண்டுக்கும் பொதுவான அடி இறாத்தல்தான். ஒரு இறாத்தல் 0.45359237 கிலோ என்று 1959ஆம் ஆண்டிலேயே ஆங்கிலம் பேசும் நாடுகள் தமக்குள் உடன்பட்டுவிட்டன. அமெரிக்க இறாத்தல், பிரித்தானிய இறாத்தல் என்று இன்று வர்த்தகத்தில் பேதம் இல்லை. ஆகவே எந்தத் தொன் என்று குழம்பும்போது தொன்னை விட்டுவிட்டு இறாத்தலுக்கு இறங்குங்கள். 44,000ஐ 0.45359237ஆல் பெருக்கினால் 19,958 கிலோ வரும். ஒரேயொரு எச்சரிக்கை: நம்மூர்ப் பாண் இறாத்தலை இதற்குப் பாவிக்க வேண்டாம். அது 450 கிராம். அந்தக் கணக்கில் போட்டால் 19,800 கிலோ என்று வரும். 158 கிலோ, அதாவது உங்கள் பைகளில் ஏழு, கணக்கிலேயே காணாமல் போய்விடும்.

இன்வொய்ஸில் ST என்று வெளிப்படையாகப் போட்டிருந்தது உங்கள் அதிர்ஷ்டம். பல இன்வொய்ஸ்களில் வெறும் TON என்றே இருக்கும். அப்போது செய்யவேண்டியது மிகச் சுருக்கம். பெக்கிங் லிஸ்டில் உள்ள நிகர நிறையை எடுத்து, இன்வொய்ஸில் உள்ள தொன் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நிகர நிறை இறாத்தலில் இருந்தால் விடை 2,000 அல்லது 2,204.6 அல்லது 2,240க்கு மிக அருகில் வரும். கிலோவில் இருந்தால் 907, 1,000, 1,016 ஆகியவற்றில் ஒன்றில் போய் நிற்கும். உங்கள் சரக்கில் 44,000ஐ 22ஆல் வகுத்தால் சரியாக 2,000. அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. உங்கள் கையில் இருந்த கிலோக் கணக்கு பி.எல்.லில் உள்ள 20,446 மட்டும்தான். அதை 22ஆல் வகுத்தால் 929 வருகிறது. உலகத்தில் 929 கிலோத் தொன் என்று ஒன்று கிடையாது. இப்படி மூன்றிலும் சேராத விடை வந்தால், மொத்த நிறையை எடுத்து வகுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பி.எல்.லில் போடுவது பையோடும் தட்டோடும் சேர்ந்த நிறை. வெறும் பை ஒன்று சுமார் 100 கிராம் என்று வைத்தால் 880 பைக்கு 88 கிலோ. பலகைத் தட்டு ஒன்று 20 கிலோ என்று வைத்தால் இருபதுக்கு 400 கிலோ. 19,958ஓடு இந்த இரண்டையும் கூட்டுங்கள், 20,446 வந்துவிடும். நீங்கள் ஆலையில் தட்டுகளைக் கழித்துவிட்டுப் பைகளோடு நிறுத்திருப்பீர்கள். அதனால்தான் தராசு 20,000ஐ ஒட்டிக் காட்டியிருக்கிறது. எல்லா எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

கப்பலில் ஏற்றுமுன் கொடுக்கும் சரிபார்த்த நிறை என்று இன்னொரு எண்ணும் உங்கள் பத்திரங்களுக்குள் கிடக்கலாம். 2016 ஜூலையிலிருந்து எல்லாக் கொள்கலனுக்கும் அது கட்டாயம். அதில் கொள்கலனின் சொந்த இரும்பு நிறையும் சேர்ந்திருக்கும். நாற்பது அடிக் கொள்கலன் என்றால் மூன்றரை தொன்னுக்கு மேல் அதற்கே போய்விடும். கொழும்பில் லொறியை வே பிரிட்ஜில் ஏற்றியபோது கிடைத்த சீட்டையும் இதையும் சரக்கின் நிறையோடு ஒப்பிட்டுத் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

22 என்ற எண் ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லொறியும் சரக்குமாக 80,000 இறாத்தலுக்கு மேல் சாதாரணமாக ஓட விடமாட்டார்கள். வண்டி, சில்லுச் சட்டம், கொள்கலன் ஆகியவற்றின் நிறையைக் கழித்தால் நாற்பது அடிக் கொள்கலனுக்குள் 44,000 இறாத்தல் அளவில்தான் சரக்கு ஏற்றலாம். அங்கிருந்து வரும் பாரமான சரக்குகளில் இந்த 44,000 அடிக்கடி தலைகாட்டும். அமெரிக்க வியாபாரி ஒருவர் கொள்கலனுக்கு 22 தொன் என்று சொன்னாலே அது ஷோர்ட் தொன்னாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவது நல்லது. சோயாப் புண்ணாக்கில் சந்தேகத்துக்கும் இடமில்லை. சிக்காகோ சந்தையில் சோயாப் புண்ணாக்கு ஒப்பந்தம் ஒன்று 100 ஷோர்ட் தொன், விலையும் ஷோர்ட் தொன்னுக்கு இத்தனை டொலர் என்றுதான் பேசப்படுகிறது. உங்களுக்கு விற்றவர் அந்த வழக்கத்திலேயே விலை சொல்லியிருக்கிறார். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். ST என்று எழுதி, பெக்கிங் லிஸ்டில் இறாத்தலையும் காட்டி, பையிலும் 50 இறாத்தல் என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார்.

இருந்தாலும் உண்மையிலேயே குறைவு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், செலவில்லாத வேலை. 50 இறாத்தல் பைக்குள் 22.68 கிலோ இருக்கவேண்டும்; பையோடு நிறுத்தால் 22.78 அளவில் வரும். வெவ்வேறு தட்டுகளிலிருந்து இருபது பைகளை எடுத்து நல்ல தராசில் நிறுத்துச் சராசரி பாருங்கள். ஒன்றிரண்டு பை முன்பின்னாக இருப்பது இயல்பு, சராசரி நகரக்கூடாது. சராசரி 22.2க்கு இறங்கினால் அது பை நிரப்பிய இடத்துக் குறைவு, விற்றவரிடம் கேட்கவேண்டியது. சராசரி சரியாக இருந்து எண்ணிக்கை 880க்குக் குறைந்தால் அது வழியில் நடந்தது. அப்போது கொள்கலன் முத்திரை இலக்கம் பி.எல்.லில் உள்ள இலக்கமாகவே இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. கப்பல் நிறுவனத்தின் மீது பாயவேண்டாம். ஏற்றியதும் எண்ணியதும் அனுப்பியவரே என்ற வாசகம் உங்கள் பி.எல்.லில் அநேகமாக இருக்கும். முத்திரை உடையாமல் வந்தால் உள்ளே எத்தனை பை என்பதற்கு அவர்கள் பொறுப்பேற்கமாட்டார்கள். காப்புறுதியிடம் போவதென்றால் பைகளைக் கலவைக்கு எடுப்பதற்கு முன்பே அவர்களின் மதிப்பீட்டாளரை அழைக்கவேண்டும்.

இனி விலை. உங்கள் 430 டொலர் 907 கிலோவுக்கு. இந்திய வியாபாரியின் 455 டொலர் 1,000 கிலோவுக்கு. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர 430ஐ 0.90718474ஆல் வகுங்கள்: மெட்ரிக் தொன் 474 டொலர் வருகிறது. 25 டொலர் மலிவு என்று நினைத்து எடுத்த சரக்கு, தொன்னுக்கு 19 டொலர் கூடுதல். கொள்கலன் முழுவதற்கும் ஏறத்தாழ 380 டொலர். இந்தியச் சரக்கோடு சமப்படுவதற்கு அமெரிக்கர் ஷோர்ட் தொன்னை 412 டொலர் 77 சதத்துக்குத் தந்திருக்கவேண்டும். இந்திய விலையும் கொழும்பு வரையா, பையும் சேர்த்தா, புரதச் சதவீதம் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். அவை வேறானால் இந்த 380ம் மாறும்.

இந்தக் கணக்கில் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. நிறையை மாற்றும்போது பெருக்கவேண்டும், விலையை மாற்றும்போது வகுக்கவேண்டும். 22 ஷோர்ட் தொன்னை மெட்ரிக் தொன்னாக்கினால் எண் குறைகிறது, 9.3 சதவீதம். தொன் விலையை மாற்றினால் எண் கூடுகிறது, 10.2 சதவீதம். இரண்டுக்கும் ஒரே சதவீதத்தைப் போட்டு, 430ஓடு 9.3 சதவீதத்தைக் கூட்டி 470 என்று எழுதினால் தொன்னுக்கு நாலு டொலர் பிழைக்கும். சரிபார்க்கச் சுலபமான வழி, எப்படி மாற்றினாலும் மொத்தத் தொகை மாறக்கூடாது: 22ஐ 430ஆல் பெருக்கினாலும் 9,460, 19.958ஐ 474ஆல் பெருக்கினாலும் ஏறக்குறைய 9,460.

கணினியில் எக்செல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் உள்ள மாற்றுச் சூத்திரத்துக்குத் தொன் என்றால் அமெரிக்கத் தொன்தான். கீழே முதல் வரி 19,958 தரும், இரண்டாவது வரி உங்கள் மாமாவின் தொன், 22,353 தரும்:

```
=CONVERT(22,"ton","kg")
=CONVERT(22,"uk_ton","kg")
```

மாமாவின் 22,352க்கும் இதற்கும் ஒரு கிலோ வித்தியாசம்; அவர் அந்தரை 50.8 கிலோ என்று எடுத்துப் பெருக்கியிருக்கிறார். இப்படியான ஒன்றிரண்டு கிலோவுக்காக யாருடனும் சண்டை பிடிக்கவேண்டாம். ஆனால் 0.907க்குப் பதில் 0.91 என்று வசதிக்காக எடுத்தால் 62 கிலோ கூடிவிடும். அது சுங்கப் பத்திரத்தில் தெரியும்.

சுங்கம் என்றதும் உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்திய விடயம் இதுதான். உங்கள் வார்ஃப் கிளார்க் 22,000 கிலோ என்று வாயால் சொன்னதோடு நின்றாரா, சுங்கப் பத்திரமான கஸ்டெக்கிலும் எழுதிவிட்டாரா? அந்தப் பத்திரத்தில் மொத்த நிறை, நிகர நிறை இரண்டையும் கிலோவில்தான் நிரப்பவேண்டும். மொத்த நிறைக்கு பி.எல்.லில் உள்ள 20,446ஐப் போட்டு, நிகர நிறைக்கு 22,000 என்று போட்டிருந்தால், பையும் தட்டும் சேர்ந்த நிறையை விட உள்ளே இருக்கும் புண்ணாக்கு கூடவாக இருக்கிறது. இது யார் கண்ணிலும் படும். படாவிட்டாலும், 9,460 டொலரை 22,000ஆல் வகுத்தால் கிலோ 43 சதம் என்று வரும்; உண்மையில் 47 சதத்துக்கு மேல். விலையைக் குறைத்துக் காட்டியதாக ஒரு கேள்வி எழ அது போதும். கிலோவுக்கு இத்தனை ரூபா என்று வரி விதிக்கும் பொருளாக இருந்தால் இல்லாத 2,042 கிலோவுக்கும் நீங்கள் வரி கட்டியிருப்பீர்கள். உங்கள் பிரதியை எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பெக்கிங் லிஸ்டையும் இந்தக் கணக்கையும் இணைத்து, கிளியரிங் ஏஜென்ட் மூலம் நீங்களாகவே திருத்தம் கேளுங்கள். அவர்கள் கண்டுபிடித்த பின் விளக்கம் கொடுப்பது வேறு கதை.

எல்.சி. விடயத்தில் வங்கியைக் குறை சொல்ல வழியில்லை. வங்கி பார்ப்பது பத்திரத்தை, சரக்கை அல்ல. நீங்கள் தொன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தீர்கள், வந்த இன்வொய்ஸில் ஷோர்ட் தொன் இருந்தது. அதை முரண் என்று தள்ள அவர்களுக்குப் பிடி கிடைத்திருக்காது. அடுத்தமுறை மெட்ரிக் தொன் என்று எழுதினால் மட்டும் போதுமா என்றால், முன்னால் ஏறத்தாழ என்ற சொல்லைச் சேர்க்காதவரை போதும். எல்.சி.க்களுக்கான சர்வதேச விதி, யூ.சி.பி. 600, அந்தச் சொல் இருந்தால் பத்து சதவீதம் கூடக் குறைய அனுமதிக்கிறது. ஏறத்தாழ 22 மெட்ரிக் தொன் என்று கேட்டால் 19.8 வரை குறையலாம். 22 ஷோர்ட் தொன் 19.958. அந்த வாசலுக்குள்ளால் அது தாராளமாக நுழைந்துவிடும். அந்தச் சொல் இல்லாமல், பை எண்ணிக்கையையும் குறிப்பிடாமல் எழுதினால், எல்.சி. தொகைக்கு மேல் பணம் எடுக்காதவரை ஐந்து சதவீதம்தான் விட்டுக்கொடுப்பு. அப்போது இதே பத்திரங்கள் வங்கியிலேயே மாட்டியிருக்கும்.

நீங்கள் மீண்டும் அமெரிக்கச் சரக்கு எடுத்தால் வேறு எழுத்துகளும் கண்ணில் படும். NT என்று வந்தால் நிகர நிறை என்று வாசித்துவிடாதீர்கள். அமெரிக்க வழக்கில் அது ஷோர்ட் தொன்னின் இன்னொரு பெயர். GT மொத்த நிறை அல்ல, லோங் தொன். பழைய இரும்பு வியாபாரத்தில் இன்றும் அதுதான். மின்னணுப் பத்திரங்களில் STN, LTN, TNE என்ற குறிகள் வரும். முறையே ஷோர்ட், லோங், மெட்ரிக். MT என்பது மெட்ரிக் தொன், ஆனால் கொள்கலன் திருப்பிக் கொடுக்கும் சீட்டில் அதே இரண்டு எழுத்தும் வெறுங் கொள்கலனைக் குறிக்கும், அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

இவற்றில் நான் அதிகம் பயப்படுவது லோங் தொன்னுக்குத்தான். ஷோர்ட் தொன் பிழைத்தால் இரண்டு தொன் குறைகிறது, உங்களைப்போல யாராவது கடிதம் எழுதுவார்கள். லோங் தொன்னுக்கும் மெட்ரிக் தொன்னுக்கும் இடையில் 1.6 சதவீதம்தான். லோங் தொன்னில் பேசி, மெட்ரிக் தொன்னில் அனுப்பினால் 22 தொன்னில் 353 கிலோ குறையும். ஈரம் காய்ந்தது, தராசு முன்பின் என்று எல்லோரும் விட்டுவிடும் அளவு அது. வகுத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்: 1,016 வரவேண்டிய இடத்தில் 1,000 வரும்.

அடுத்த கட்டளைக்கு முன் விற்பவரிடம் முன்கூட்டிய இன்வொய்ஸான புரோஃபோர்மா கேட்கும்போதே நிறையைக் கிலோவில் எழுதச் சொல்லுங்கள். அவர் தன் தொன்னை விடமாட்டேன் என்றால் இருக்கட்டும், பக்கத்தில் கிலோவும் வரட்டும். எல்.சி. விண்ணப்பத்திலும் அதே வரியை எழுத்து மாறாமல் போடுங்கள். இந்தச் சரக்குக்கு அது இப்படி இருந்திருக்கவேண்டும்:

```
19,958 KG NET (22 SHORT TONS OF 2,000 LB), USD 0.474 PER KG
```

விலையை இப்படிக் கிலோவுக்கு எழுதிக் கேட்டிருந்தால் இந்திய வியாபாரியின் 455ஐக் கிலோவுக்கு 0.455 என்று பக்கத்தில் வைத்து அன்றைக்கே முடிவு எடுத்திருப்பீர்கள். ஆனால் அந்த 0.474 முழுமைப்படுத்திய எண். இன்வொய்ஸின் மொத்தத்தை எந்த எண்ணால் பெருக்கி எடுப்பது என்று விற்பவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். 19,958ஐ 0.474ஆல் பெருக்கினால் 9,460 டொலர் 9 சதம், எல்.சி. தொகை சரியாக 9,460 என்று இருந்தால் அந்த ஒன்பது சதமே வங்கியில் ஒரு தடையாக வந்து நிற்கும்.